கழலாத பொத்தான்

அந்தக் குழந்தை உடுப்புக் கம்பெனியில் ஸ்கேல் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. வீடுகளில் தைத்து வருகிற சட்டைகளை எடுப்பதா தள்ளுவதா என்று பார்க்கும் பிரிவு அவள் பொறுப்பு. “சுமாரா இருக்கு” என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பிடித்துக்கொள்வாள். சுமார் என்றால் எடுப்பதா, தள்ளுவதா?

முன்பு சுவரில் ‘பொத்தான் உறுதியாக இருக்க வேண்டும்’ என்று ஒட்டியிருந்தது. என்ன உறுதியோ! ஒருத்தி எடுத்ததை இன்னொருத்தி தள்ளினாள். அக்கா அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள்: பொத்தானில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பத்து எண்ணு. கழன்று விழுந்தால் அந்தச் சட்டைக் கட்டு மொத்தத்தையும் தள்ளு. விழாவிட்டால் எடு.

அன்றைக்கு ஒரு பொத்தான் விழவில்லை, ஆனால் நூல் தளர்ந்து தொங்கியது. ஒரு செக்கர் விழவில்லையே என்று எடுத்தாள். இன்னொருத்தி இதையா எடுப்பது என்று தள்ளினாள். மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. வாங்குகிற கம்பெனி ஆட்கள் மதியம் வருகிறார்கள், ஒரே சட்டைக்கு இரண்டு தீர்ப்பு கண்டால் ஆர்டர் போச்சு. இப்போதே ஒரு முடிவாக எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

கட்டின் மேலிருந்த சீட்டில் தைத்தவள் பெயரை அக்கா பார்த்தாள். தங்கை தைத்தது. படுக்கையில் கிடக்கும் புருஷனை விட்டு வெளி வேலைக்குப் போக முடியாதவளுக்கு இந்த வீட்டுத் தையல்தான் கதி. ஏற்கெனவே ஒரு கட்டு தள்ளியாயிற்று. இன்னொன்று போனால் இனி வேலை கிடையாது.

‘முழுதாகக் கழன்றால் மட்டுமே தள்ளு’ என்று எழுதினால் தீர்ந்தது. அதுவும் தெளிவான விதிதான், ஒரு பயலும் குறை சொல்ல முடியாது. எழுதவும் போனாள். தொங்கிய பொத்தானை விரலால் தொட்டாள். பல் முளைக்கிற குழந்தை இரண்டு தரம் கடித்தால் தொண்டைக்குள் போய்விடும். பாவி, இது ஏன் இன்றைக்கு வரவேண்டும் என்று முணுமுணுத்தாள்.

எழுதினாள்: கல்லை எடுத்தபின், சட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, மெல்லிய தகட்டை மேலிருந்து பொத்தானுக்குப் பின்னால் விடு. அழுத்தாதே. தன் எடையிலேயே உள்ளே இறங்கினால் தள்ளு. இறங்காவிட்டால் எடு.

இரண்டு செக்கர்களும் தனித்தனியாகப் பார்த்தார்கள். இரண்டு தரமும் தகடு இறங்கியது. மேனேஜர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

சாயங்காலம் தங்கை வாசலுக்கு வந்தாள். தள்ளிய கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சுவரில் புதிதாக ஒட்டியிருந்ததை நிதானமாகப் படித்தாள்.

“அக்கா, இது நீ எழுதுனதா?”

“நான்தான்மா.”

“சரியாத்தான் இருக்கு. நேத்தே எழுதியிருந்தா இன்னும் நாலு சுத்து நூல் சுத்தியிருப்பேன்.”

தங்கை கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.