ஐந்துக்கு மூன்று

மார்க் போடுவதில் நான் மகா கஞ்சம். அதில் எனக்குப் பெருமை வேறு. மயிலாப்பூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ்க் கட்டுரைக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு வாங்கியதற்கு அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அறுபது என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ். அதற்கு மேல் எதிர்பார்த்தால் பேராசை. நூற்றுக்கு நூறு வாங்கியவர்களைப் பார்த்தால் எங்கள் வீட்டில் சந்தேகப்படுவார்கள்.

எழுபதுகளின் நடுவில், அடையாறு பக்கத்தில் ஒரு மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். எனக்குக் கீழே ஒன்பது பெண்கள். மாத்திரை பாட்டிலுக்கு லேபிள் ஒட்டி, எண்ணி, அட்டைப்பெட்டியில் அடைத்து, பெட்டியின் மேல் தேதி முத்திரை வைக்க வேண்டும். ஒன்பது பேரில் ஆறு பேர் தற்காலிகம். எட்டு மாதம் வேலை கொடுப்பார்கள், பிறகு ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்புவார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். தொடர்ந்து இருந்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார்களாம்! இந்த விளையாட்டு வருஷக்கணக்கில் நடந்தது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி நொச்சிக்குப்பத்திலிருந்து வருவாள். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். அவள் கை பட்ட பெட்டி எண்ணிக்கை தப்பி ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. ஒருமுறை கட்டுக்கட்டாக வந்த லேபிள்களில் தேதி இரண்டு வருஷம் தள்ளி அச்சாகியிருந்தது. அச்சகத்துக்காரன், ஸ்டோர்காரர், நான், மூன்று பேரும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தோம். அவள்தான் லைனை நிறுத்தினாள். "யம்மா, இன்னாமா இது, வருசம் தப்பா கீது பாரு" என்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எண் தெரியும்.

இனிமேல் தற்காலிகமே கிடையாது, சிலரை நிரந்தரமாக்கி மற்றவர்களை நிறுத்திவிடுவோம் என்று பம்பாய் தலைமை அலுவலகம் முடிவு செய்தது. யார் யார் என்பதை ஒரு ஃபாரம் சொல்லும் என்றார்கள். நான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ். வேலையின் அளவு, தரம், வேலை அறிவு, வருகை, ஒத்துழைப்பு என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. இடது பக்கக் கட்டத்தில் வேலை செய்கிறவரே தனக்கு எண் போட வேண்டும். வலது பக்கத்தில் சூப்பர்வைசர். கீழே நிறைகள், மேம்பட வேண்டியவை என்று இரண்டு பெட்டி. இருவரும் உட்கார்ந்து பேசி, பிறகு மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்களுக்குத் தமிழில் விளக்குவது சூப்பர்வைசர் பொறுப்பு என்று மேனேஜர் ஃபாரம் கட்டை என் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்தேன். ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் முதுகில் சாக்பீஸால் ஒன்றிலிருந்து ஐந்து வரை எழுதினேன்.

"ஒண்ணுன்னா வேலையே சரியில்லைன்னு அர்த்தம். ரெண்டுன்னா இன்னும் தேறணும். மூணுன்னா, இந்த வேலைக்கு என்ன வேணுமோ அதைக் குறையில்லாம செய்யறேள்னு அர்த்தம். நாலுன்னா அதுக்கும் மேல. அஞ்சுன்னா அபூர்வம்."

சைதாப்பேட்டையிலிருந்து வரும் ஒருத்தி வாய்க்காரி. "இன்னாம்மா, அஞ்சுக்கு மூணு தானா? உயிரக் குடுத்து வேல செய்றோம், பாதிய விட ஒரு சொட்டு மேல தானா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அஞ்சுக்கு மூணுன்னா நூத்துக்கு அறுபது. அறுபதுன்னா என்ன? ஃபர்ஸ்ட் கிளாஸ்! எங்காத்துல யாரும் இதுக்கு மேல பெரிசா வாங்கினதில்லை. நாலு டிஸ்டிங்ஷன். அஞ்சு எனக்கே கெடையாது, போ."

அவ்வளவுதான், கூடமே குதூகலமாகிவிட்டது. "நாம எல்லாம் பஸ்ட் கிளாசுடி!" என்று ஒருவரையொருவர் தட்டிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். எவ்வளவு அழகாக விளக்கிவிட்டேன் என்று எனக்கே ஒரு மிதப்பு.

மேம்பட வேண்டியவை என்ற பெட்டிக்குத்தான் அதிகம் பயந்தார்கள். அதில் எழுதினால் மெமோ கொடுத்த மாதிரி என்று நினைத்தார்கள். அந்தப் பெட்டி காலியாக இருந்தால் ஃபாரம் திரும்பி வந்துவிடும், எல்லோருக்கும் ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும், அது குற்றப்பத்திரிகை இல்லை என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுமா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்பதற்கு மட்டும்தான் கையெழுத்து என்றேன். இதெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். கடவுளே, இதெல்லாம் சரியாகத்தான் சொன்னேன்.

மறுநாள் ஒவ்வொருவராக என் மேஜைக்கு வந்தார்கள். நொச்சிக்குப்பத்துக்காரி தன் கட்டங்களைப் பென்சிலில் நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். நான்கு தலைப்புகளுக்கு மூன்று. தரம் என்ற தலைப்பில் மட்டும் நாலு.

"இது எதுக்கு நாலு?" என்றேன்.

"அந்த லேபிலு நான் தானேம்மா கண்டுபுட்ச்சேன்?" என்றாள்.

"கண்ணுல பட்டா சொல்றது உன் கடமைதானே? அதுக்குப் போய் டிஸ்டிங்ஷன் கேப்பாளா ஒருத்தி?"

அவள் முகம் சிவந்துபோயிற்று. என் மேஜை மேல் இருந்த ரப்பரைத் தானே எடுத்தாள். நாலை அழித்து மூன்று போட்டாள். காகிதத்தில் விழுந்த தூளை வாயால் ஊதினாள். நானும் வலது பக்கம் ஐந்து மூன்றுகளை வரிசையாகப் போட்டேன். நிறைகளில் கவனமானவர் என்று எழுதினேன். மேம்பட வேண்டியவையில் இங்கிலீஷ் லேபிள் வாசிக்கப் பழக வேண்டும் என்று எழுதினேன். இருவரும் மையில் கையெழுத்துப் போட்டோம். "பஸ்ட் கிளாஸ் தானேம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் கழித்து, பாட்டில் நிரப்பும் பிரிவின் சூப்பர்வைசரோடு கேண்டீனில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை அவர். தன் ஆட்களுக்கு நாலும் ஐந்துமாகப் போட்டு அனுப்பியதாகச் சொன்னார்.

"வாரி விட்டுட்டேளே! அவாளெல்லாம் என்ன, வானத்துலேர்ந்து குதிச்சாளா?" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யம்மா, நீங்க எவ்ளோ போட்டீங்க?"

"மூணு. எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா? ஐயையோ. பம்பாய்க்காரனுக்கு மூணுன்னா சும்மா வேலை செய்யுதான்னு அர்த்தம்லா. சராசரி நாலு இருந்தாத்தான் நிரந்தரம். மேனேஜர் உங்ககிட்ட சொல்லலையா?"

காபி அப்படியே இருந்தது. மேனேஜர் அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஃபாரம்கள் ரிஜிஸ்தர் தபாலில் போய் நான்கு நாள் ஆகியிருந்தது.

"சார், நாலு வேணும்னு எனக்கு ஏன் சொல்லலை?"

"அது ரகசிய சுற்றறிக்கை. தெரிஞ்சா எல்லாரும் நாலு போடுவீங்கன்னுதான் சொல்லல" என்றார். பக்கத்துப் பிரிவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தபால் நோட்டைப் பிரித்துப் புரட்ட ஆரம்பித்தார்.

அன்றே புதிய ஃபாரம்களை வாங்கி, ஆறு பேருக்கும் உட்கார்ந்து எழுதினேன். நியாயமாக எழுதினேன். நொச்சிக்குப்பத்துக்காரிக்கு எந்தத் தலைப்பிலும் நாலுக்குக் கீழே போட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. தரத்துக்கு ஐந்து போட்டேன். என் ஆயுளில் நான் போட்ட முதல் ஐந்து. லேபிள் விஷயத்தைத் தனியாக ஒரு பக்கத்துக்கு எழுதி இணைத்தேன். விளக்கியதில் தவறு என்னுடையது, தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள் என்று கடைசியில் எழுதினேன். மேனேஜர் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நீங்க அஞ்சு போடலாம் மேடம். அவளே தனக்கு மூணு போட்டு, கையெழுத்தும் போட்டிருக்காளே. ஆளே தன்னைச் சாதாரணம்னு சொல்றப்போ நீங்க எதுக்குத் தூக்கறீங்கன்னு கேப்பாங்க."

அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். அனுப்பினார். பத்து நாள் நான் சாப்பிட்டது தூங்கியது எதுவும் நினைவில்லை. தபால்காரர் சைக்கிள் கேட்டில் நுழைந்தால் லைனை விட்டு வாசலுக்குப் போய் நிற்பேன். லைனில் அவள் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருப்பாள். நிரந்தரமானால் சின்னவளைக் கான்வென்டில் போடலாமா என்று ஒரு நாள் என்னிடம் யோசனை கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

பதில் இரண்டு வரி. இருவரும் கையெழுத்திட்ட மதிப்பீடுகளைத் திருத்த இயலாது. கூடவே பட்டியல். பாட்டில் பிரிவில் ஐந்து பேர் நிரந்தரம். என் பிரிவில் ஒருவரும் இல்லை. மாதக் கடைசியோடு ஆறு பேரும் நிற்க வேண்டும்.

ஆறு பேரிடமும் நானேதான் சொன்னேன். சைதாப்பேட்டைக்காரி மண்ணை வாரித் தூற்றாத குறை. "எங்க வவுத்துல அட்ச்சிட்டியேம்மா" என்று கத்தினாள். அது எனக்கு இதமாகக்கூட இருந்தது. நொச்சிக்குப்பத்துக்காரி மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"எத்தினி இருந்தா எடுத்துக்கினு இருப்பாங்கோ?"

"நாலு."

"அப்போ நான் மொதல்ல போட்டது தான் கரீட்டா?"

"கரெக்ட்தான். எல்லாத்துலயும் நாலு போட்டிருக்கணும். நான் போட்டிருக்கணும்."

கோபமே இல்லாமல், புரியாததைக் கேட்கிற குரலில் கேட்டாள்: "அப்போ ஏம்மா அத்த அழிக்க வெச்ச?"

மன்னிப்புக் கேட்பதற்காகவே காலையிலிருந்து வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி தாங்கவில்லை. என் பாழாய்ப்போன கோபம் முந்திக்கொண்டது.

"நானா அழிக்கச் சொன்னேன்? நீயாத்தானே ரப்பரை எடுத்து அழிச்ச!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். யோசித்தாள். மனதுக்குள் அந்த மேஜையையும் அந்தக் காலை நேரத்தையும் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"ஆமாம்மா," என்றாள், "நான் தான் அழிச்சேன்."

அதை அவள் அப்படியே நம்பிவிட்டாள். இல்லை, நான்தான் அழிக்க வைத்தேன் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் லைனுக்குப் போய் உட்கார்ந்து, மீதிப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.