ஐம்பதும் சேர்த்தி

கட்டுகஸ்தோட்டைப் பக்கம், தேயிலை இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. ஆறு மாதம் தற்காலிகம். நிரந்தரமானால் அம்மாவைத் தோட்டத்து லயத்து அறையிலிருந்து கூட்டிவந்து மடவளையில் ஒரு சின்ன வீடு எடுக்கலாம் என்றிருந்தேன். இன்னும் இரண்டே வாரம்தான் பாக்கி.

அப்போதுதான் தண்டு நுழையும் உருளை வளையமான புஷ் நாற்பது செய்யும் வேலை வந்தது. உள்துளை ஐம்பது மில்லிமீட்டர், தரம் எச் ஏழு. அப்படியென்றால் துளை ஐம்பதுக்குக் குறையவே கூடாது. எவ்வளவு கூடலாம் என்பதைச் சுவரில் ஒட்டிய அட்டவணை சொல்லும். மேற்பார்வையாளர் அதில் விரல் வைத்துப் பார்த்து, முப்பது மைக்ரோன், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் முப்பது பங்கு, என்று கடைசல்காரரிடம் சொல்லியிருந்தார்.

நான் அளந்தபோது பல துளைகள் ஐம்பதுக்கு மேலே இருபத்தேழு, இருபத்தெட்டு மைக்ரோன் இருந்தன. சந்தேகம் வந்து அட்டவணையைப் பார்த்தேன். ஒரு வரிசையில் ‘முப்பதுக்கு மேல், ஐம்பது வரை’. அடுத்ததில் ‘ஐம்பதுக்கு மேல், எண்பது வரை’. ஏழாம் தரத்துக்கு முதல் வரிசையில் இருபத்தைந்து, அடுத்ததில்தான் முப்பது. மனுஷன் ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டார்!

“சேர், ஐம்பது வரைக்கும்னா ஐம்பதும் சேர்த்திதானுங்களே? நம்மளுக்கு இருபத்தஞ்சுதான் வருது.”

“ஐம்பதுல ஆரம்பிக்கிற வரிசை இங்க இருக்கே, கண்ணு தெரியலையா? தோட்டத்துல இருந்து வந்து எனக்கே டேபிள் படிச்சுக் காட்டுறியா? சைன் பண்ணு. லொறி நிக்குது.”

கடைசல்காரர் தலையைக் குனிந்துகொண்டு இரும்புத்தூளைக் கூட்டினார்.  தப்பு என்று தெரிந்தும் தரச்சான்றுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டு வாரத்தை நினைத்துத்தான் போட்டேன். வெட்கங்கெட்ட வேலை, வேறென்ன சொல்ல?

நாலாம் நாள் புஷ்கள் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் அளந்து, முக்கால்வாசியைக் கழித்துவிட்டார்கள். முதலாளியின் மேசையில் ஒரே ஒரு தாள்; அதன் அடியில் என் பெயர் மட்டும். மேற்பார்வையாளர் சொன்ன முப்பது எந்தத் தாளிலும் இல்லை. வாயால் சொன்னதுதானே!

“சொல்லியிருக்கலாமே, மகள்,” என்றார் முதலாளி. சொன்னேன் என்றேன். மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “அப்படி ஒண்ணும் சொல்லல, சேர்,” என்றார். பாவி மனுஷன், குரல்கூட நடுங்கவில்லை.

வேலை நீட்டிக்கப்படாது என்ற கடிதத்தை வாங்கப் போன அன்று, மேற்பார்வையாளர் எனக்குப் பதிலாக வந்த பெண்ணை அட்டவணைக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தார். ‘ஐம்பது வரை’ என்பதன் கீழே சிவப்பு மையில் புதுக் கோடு.

“நல்லாக் கேட்டுக்க. வரைக்கும்னா ஐம்பதும் சேர்த்தி. முன்ன இருந்த புள்ளைக்கு இதுகூடத் தெரியல.”

அந்தப் பெண் பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொண்டாள். நான் வாசலில்தான் நின்றேன், கடிதம் கையில்.