பன்னிரண்டு பேரின் நிகழ்காலம்

ஒரு கட்டுரையைப் பிரிப்பதற்கு முன் அக்கா சட்டையின் இடது மணிக்கட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்ப்பார். போட்டிருக்கிறதா என்று உறுதியானதும் பென்சில் எடுப்பார். கோடையிலும் முழுக்கைச் சட்டைதான். பிறகு வினைச்சொற்களின் கீழே மட்டும் கோடு விழும். பெயர்ச்சொற்கள் அவருக்கு வழிப்போக்கர்கள். அதனால்தான் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவர் ‘வினைச்சொல் அக்கா’.

அவரும் நானும் மொழித் திருத்தப் பிரிவு. எதிரெதிர் மேசை, ஒரே ஜன்னல். ஆங்கிலக் கட்டுரை பத்திரிகைக்குப் போகுமுன் எங்களில் ஒருவர் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும்.

அன்று வந்தது தோல் மருந்துத் துறைத் தலைவரின் கட்டுரை. முன்னால் நடந்த ஆய்வுகளைச் சொல்லும் பகுதியில் அக்காவின் பென்சில் சில இடங்களில் நிற்காமல் போனது. ‘வயதாக ஆகத் தோல் ஈரத்தை இழக்கிறது’: நிகழ்காலம், யாரும் மறுக்காத உண்மை, இருக்கட்டும். ‘கடந்த இருபது ஆண்டுகளில் பலர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்’: பிரசன்ட் பெர்ஃபெக்ட், ஐந்து மேற்கோள்கள், இன்றும் தொடர்கிற வேலை, இருக்கட்டும். அடுத்த வரியில் நின்றது.

தலைவரின் ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தது இது: ‘முந்தைய ஆய்வுக் குழு பன்னிரண்டு பேரிடம் களிம்பைச் சோதித்தது, புண் எதுவும் ஏற்படவில்லை.’ இறந்த காலம். அதைத் தலைவர் நீல மையால் அடித்து மேலே எழுதியிருந்தார்: ‘இக்களிம்பு புண் ஏற்படுத்துவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.’ கீழே ஒற்றை மேற்கோள். அவருடைய பழைய ஆய்வு.

அக்கா மாணவியின் வரியையே திரும்ப எழுதிவைத்தார்.

மதியம் தலைவர் நேரில் வந்தார், பல்குத்தும் குச்சியோடு. பேசுவதற்காக அதை வாயிலிருந்து எடுத்து, எச்சில் பளபளக்க, அந்தப் பக்கத்தின் மேலேயே வைத்தார். காகிதம் எச்சிலை உறிஞ்சியது.

“ஏம்மா, இலக்கணத்துல என்ன தப்பு கண்டீங்க?”

“இலக்கணம் சரிதான் சார். காலம்தான் பொய் சொல்லுது.”

“காலம் பொய் சொல்லுமா? கவிதை எழுதுறீங்களா?”

“ஒரு தடவை, பன்னிரண்டு பேர்கிட்ட நடந்தது, சார். அது ‘நடந்தது’. ‘ஏற்படுத்துவதில்லை’ன்னு நீங்க எழுதினா அது எல்லாத் தோலுக்கும், எல்லா நாளுக்கும். அப்புறம் ‘ஆய்வுகள்’னு பன்மை. மேற்கோள் ஒண்ணுதானே?”

“படிக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாதும்மா.”

“தெரியாதவங்கதான் சார் அதைப் பூசிக்கப்போறாங்க.”

தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அழுக்குத் துணியால் முகம் துடைப்பதைப் போலிருந்தது.

“உங்க ஒப்பந்தம் இந்த மாசம் முடியுதுல்ல? அதுக்கு இறந்த காலமா, நிகழ்காலமா? நீங்களே சொல்லுங்க.”

அக்கா சான்றிதழை எடுத்து, கையெழுத்திடாமல், குச்சிக்குப் பக்கத்தில் வைத்தார். தலைவர் அதை என் மேசைக்குத் தள்ளினார்.

“தம்பி, நீ போடு. உனக்கு ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு.”

நான் போட்டேன். பேனா ஓடியது. மறுக்க வேண்டும் என்ற எண்ணம் மை காய்ந்த பிறகுதான் வந்தது. குச்சியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு அவர் போனார். பக்கத்தில் ஈரப் புள்ளி மட்டும் தங்கியது. அதைத் துடைக்கக்கூட எனக்கு அருவருப்பாக இருந்தது. என் கையைத் துடைக்க இன்னும் அதிகமாக.

“விடு தம்பி,” என்றார் அக்கா. “உன் கையெழுத்து அழகா இருக்கு, அதுவும் ஒரு குறைதான்.”

மாதக் கடைசியில் அவர் பென்சில்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கட்டுரை நிகழ்காலத்திலேயே அச்சானது.

எட்டு மாதம் கழித்து, வேறொரு கட்டுரையின் மேற்கோளைச் சரிபார்க்க, கிடங்கிலிருந்து அந்தப் பழைய ஆய்வின் மூலக் கோப்பை எடுத்தேன். பங்கேற்பாளர்கள் பன்னிரண்டு பேர் இல்லை, பதின்மூன்று. பதின்மூன்றாவது ஆள் நான்காம் நாள் விலகிவிட்டார். காரணத்துக்கு நேரே ‘இடது முன்கை, புண்’ என்று எழுதி, அதை ஒரு கோட்டால் அடித்திருந்தார்கள். அவருடைய ஒப்புதல் படிவத்தில் இருந்த கையெழுத்தை நான் மூன்று வருடங்களாக எதிர்மேசையிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான சான்றிதழ்களில் பார்த்திருந்தேன்.