பங்கிராஸும் நகராத வெளிச்சப் பொட்டும்

என் தம்பி பங்கிராஸ் கீரனூர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். தினம் இரண்டு ஆட்டம். ஒரு படத்தில் வில்லன் ஐந்து பேரைக் குத்துகிறான் என்றால், அது மூன்று வாரம் ஓடும் வரை அத்தனை குத்தையும் இவன் பார்த்தாக வேண்டும். புரொஜெக்டர் விளக்கில் எரியும் கார்பன் குச்சியை மாற்றி மாற்றி விரல் நுனியெல்லாம் தோல் தடித்துக் காய்ந்துபோயிருக்கும். நாம் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒரு வார்த்தை பேசுவான், அதையும் யோசித்துத்தான் பேசுவான். ஊருக்குள் அவனுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. ஒரு ராத்திரி ரீலை மாற்றிப் போட்டுவிட்டான். சண்டையில் செத்த கதாநாயகன் அடுத்த ரீலில் மாலையும் கழுத்துமாக வந்து நின்றான். டெண்டுக்குள் விசில் பறந்ததாம். 'செத்தவனுக்குக் கல்யாணம் பண்ணி வைத்த ஆபரேட்டர்' என்று கீரனூர் பஸ்ஸில் ஏறினால் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சந்தனராஜ், புதுக்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு உளவியல் பாடம் எடுப்பவர். மனிதர் நல்லவர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் "அப்படியும் சொல்ல முடியாது" என்பார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட அதே பதில். இந்த மனிதரோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் அவருக்கு ஒரு ஆராய்ச்சி பிடித்தது. சினிமாச் சண்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மனசு மரத்துப்போகுமா? இயற்பியல் ஆய்வறையிலிருந்து மின்சாரத்தை அளக்கும் கால்வனோமீட்டரைக் கெஞ்சி வாங்கினார். இரண்டு விரல்களில் சின்ன உலோகத் தகடுகளைக் கட்டி, உடம்புக்குத் தெரியாத அளவு மின்சாரம் விட வேண்டும். மனம் பதறினால் விரலில் நமக்கே தெரியாமல் வியர்வை கசியும், மின்சாரம் கூடுதலாகப் பாயும், சுவரில் மாட்டிய அளவுகோலில் ஒரு வெளிச்சப் பொட்டு நகரும். மாணவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குத் தினமும் ஒரே கத்திச் சண்டை, மற்றதற்கு நெல் நடவுப் படம். கடைசியில் இரு கூட்டத்துக்கும் யாரும் பார்த்திராத வேறொரு சண்டை. புரொஜெக்டர் ஓட்டப் பகலில் சும்மா இருக்கும் பங்கிராஸைக் கூப்பிட்டுக்கொண்டார். கத்திச் சண்டைக்காரர்களுக்குப் பொட்டு நாளுக்கு நாள் குறைவாக நகர்ந்தது. புதுச் சண்டைக்கும் நடவுக்காரர்களைவிடக் குறைவாகவே நகர்ந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எங்கள் பெண் பிறந்த அன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பங்கிராஸின் குடும்பம் முறிந்தது. அவன் பெண் குழந்தை, மூன்று வயசு, கிணற்று மேடையில் விழுந்து மண்டை பிளந்துவிட்டது. ஒரே ரத்தம். அவன் மனைவி மரிய செல்வி அலறுகிறாள், தெருவே அலறுகிறது. இவன் வாயே திறக்காமல் துண்டால் தலையை இறுக்கிக் கட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தையல் போட்டு, பிழைத்துவிடும் என்று டாக்டர் சொன்னதும், மனைவியை அங்கே உட்கார வைத்துவிட்டு முதல் ஆட்டத்துக்குப் போய்விட்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பிள்ளை வீடு திரும்பியதும் அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஆவூரில் தாய்வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சமாதானம் பேச நாங்கள் ஆவூர் போனோம்.

"மதினி, படத்துல ரத்தத்தப் பாத்துப் பாத்து அவருக்கு மரத்துப் போச்சு. நாளைக்கு நான் செத்துக் கெடந்தாலும் ஆட்டத்துக்குப் போயிருவாரு. அப்படிப்பட்ட ஆளோட எப்படி இருப்பேன்?" என்று அழுதாள் மரிய செல்வி.

நான் என் தம்பிக்காக வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அப்படி ஆகுறதுக்கு வாய்ப்பு இருக்கும்மா. எங்க பரிசோதனையில அதான் தெரியுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தலையில் காபி டம்ளரைக் கவிழ்த்திருப்பேன். பெண் வீட்டார் எல்லாரும் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். படித்த மாப்பிள்ளையே சொல்லிவிட்டாரே! "பெரிய வெள்ளிக்கெழம நாடகத்துல வருஷா வருஷம் ஏசுவுக்கு விழுற அதே சவுக்கடியப் பாத்து இந்த ஊரே அழுவுதே, இவங்களுக்கு மட்டும் ஏன் மரக்கல?" என்று கேட்டேன். நடுவில் ஒரு வருஷ இடைவெளி இருக்கிறது, இடைவெளி விட்டால் பதற்றம் திரும்பிவிடும் என்று அங்கேயும் பாடம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "என் தம்பியோட வாழ்க்கைய 'வாய்ப்பு இருக்கு'ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டு வந்துட்டீங்க. அவனையும் அந்தக் கருவில உக்கார வச்சுப் பாத்துட்டுப் பேசுங்க. செல்வியும் பக்கத்துல இருந்து பாக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை ஆய்வறையில் கூடினோம். பிள்ளையைப் பக்கத்து அறையில் விளையாட விட்டிருந்தோம். புரொஜெக்டரை ஓட்டியது நான். பங்கிராஸ் விரலில் தகட்டோடு, ஊசி போட்டுக்கொள்ள வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கத்திச் சண்டை ஓடியது, பொட்டு நகரவில்லை. அவனும் பார்த்திராத இன்னொரு சண்டை, அதற்கும் நகரவில்லை. மரிய செல்வி எழுந்துவிட்டாள்.

"பாத்துட்டேன், போதும்."

"இரும்மா," என்றார் என் வீட்டுக்காரர். பங்கிராஸின் காதருகே படாரென்று கையைத் தட்டினார். அவன் உடம்பு தூக்கிப்போட்டது. பொட்டு மட்டும் அசையவில்லை. இவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கை தட்டினால் யாருக்கும் பொட்டு ஓட வேண்டும், அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். காய்த்துப்போன தோலில் வியர்வை எங்கே கசியும்? மரத்திருந்தது விரல். அவன் விரலைத் தினம் பார்க்கிற எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

தகடுகளை அவிழ்த்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளங்கால் வளைவில் கட்டினார். கை தட்டினார், பொட்டு ஓடியது. சண்டையைப் போட்டோம், கொஞ்சம் அசைந்து நின்றது. அந்தச் சமயம் பக்கத்து அறையில் பிள்ளை எதையோ தள்ளிவிட்டு வீறிட்டு அழுதது. பங்கிராஸ் நாற்காலியை விட்டு அசையவில்லை, முகமும் மாறவில்லை. பொட்டு அளவுகோலின் முனையைத் தாண்டி வெறும் சுவருக்குப் போய்விட்டது.

நான் ஓடிப் பார்த்தேன். ஸ்டூல் விழுந்திருந்தது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

"அப்ப அவருக்கு மனசு இருக்குன்னுதானே அண்ணே அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் மரிய செல்வி.

"அப்படியும் சொல்ல முடியாது," என்றார் என் புண்ணியவான். "பதறுனாருன்னு சொல்லலாம். எதுக்குப் பதறுனாரு, பாசமா, பயமா, வெறும் சத்தமான்னு இந்தப் பொட்டு சொல்லாது."

"ஆமா! பொட்டு சொல்லாது, நீங்களும் சொல்ல மாட்டீங்க!" என்று கத்திவிட்டேன். "ஏன்டா பங்கிராசு, நீயாவது வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்! அன்னைக்கு ஒனக்கு எப்படிடா இருந்துச்சு?"

அவன் காலில் கட்டியிருந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலக்கா. ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாப் போனேன்னுகூட ஞாபகம் இல்ல. பொழச்சிரும்னு சொன்னாங்க. அங்கன நின்னா விழுந்துருவேன்னு தோணுச்சு. அதான் டாக்கீசுக்குப் போனேன். கை பழகுன வேலைன்னு நெனச்சேன். கை ஓடல. ரீல மாத்திப் போட்டுட்டேன்."

"செத்தவனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சது..." என்றாள் மரிய செல்வி. "அது அன்னைக்கா?"

அவன் தலையாட்டினான். அவள் என் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கி, தகட்டைக்கூட அவிழ்க்காமல், அவன் மடியில் உட்கார வைத்தாள்.

என் வீட்டுக்காரர் அளவுகோலைப் பார்க்கத் திரும்பினார். நான் போய் அந்தப் பொட்டின் விளக்கை அணைத்தேன்.