பேய்க் கதையிலிருந்து ஓர் அடி தள்ளி

அந்த மூச்சை நான் முதலில் கேட்டது ஹெட்போனில்தான். கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மேல்வீட்டின் படுக்கையறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க அலுமாரிக் கதவுகளிலும் ஜன்னலிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தேன். மத்தியானம். மகள் பள்ளிக்கூடத்தில், கணவர் வெளிநாட்டு வேலையில். பதிவு செய்த கதையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாழடைந்த பங்களாவில் ஒரு பெண் கதவைத் திறக்கும் இடத்தில் நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். அந்த இடைவெளியில் யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள். அது என் மூச்சு இல்லை.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளிப்படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். மகளின் பள்ளி வேன் வரும்வரை உள்ளே போகவில்லை.

அப்போது என் யூடியூப் சேனலுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. அதற்கு முன் நான் பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய குரல். விளையாட்டாக ஒரு பேய்க் கதையைச் சொல்லி, மூடுபனிப் படங்களின் மேல் ஒட்டிப் போட்டோம். ஆட்கள் வந்தார்கள். வாரத்துக்கு ஒன்று என்று போடப்போட இன்னும் வந்தார்கள். படங்களை ஒட்டி வெட்டித் தருவது என் கணவரின் தங்கை. கண்டி டவுனில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் வேலை அவளுக்கு. சந்தோஷமாகத்தான் செய்துகொண்டிருந்தோம். ஆனால் ஊர் பயப்படுவதற்காக வாராவாரம் எழுதியதெல்லாம் என் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. குளியலறைக் கதவை மூடப் பயம். மகள் பின்னால் வந்து "அம்மா" என்றால் தூக்கிவாரிப் போடும். மாதா கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டாலும், தலைக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கும். அந்த மூச்சுக்குப் பிறகு மைக்கைக் கையில் எடுத்தாலும் திரும்ப வைத்துவிடுவேன்.

கையிருப்பில் முடித்த கதைகள் இரண்டே இரண்டுதான் இருந்தன. அவையும் போனபின் என்ன செய்வது?

நாத்தனாரிடம் கேட்காமலே ஒரு காரியம் செய்தேன். பாலர் பள்ளியில் சொன்ன முயல் கதை ஒன்றைப் பதிவு செய்து, சிறுபிள்ளைகளுக்கானது என்று குறித்து, அதே சேனலில் போட்டேன். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறும். அன்று அப்படியே கிடந்தது. திறந்த சிலரும் அரை நிமிடத்தில் ஓடிவிட்டார்கள். பார்த்தவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று காட்டும் கோடு, மாடியிலிருந்து விழுந்தவனைப் போலக் கீழே கிடந்தது. பிள்ளைகளுக்கானது என்று குறித்தால் கொமெண்ட் பகுதியும் மூடிவிடுமாம். யாரும் திட்டக்கூட இல்லை. அந்த அமைதி எனக்குப் பேயைவிடப் பயமாக இருந்தது.

நாத்தனாரை அழைத்தேன். "தங்கச்சி, சேனலைக் கொன்னுட்டேன் போல இருக்கு."

"என்ன அண்ணி சொல்றீங்க? அழாம சொல்லுங்க."

சொன்னேன். மூச்சைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தாள். முதலில் கையிருப்பிலிருந்த பேய்க் கதைகளில் ஒன்றைப் போடச் சொன்னாள். போட்டோம். அது எப்போதும் போலவே ஏறியது. நான் மலைத்துப்போனேன்.

"பாத்தீங்களா? யூடியூப் சேனலப் பாத்துத் தண்டனை குடுக்கிறதில்ல அண்ணி. ஒவ்வொரு வீடியோவா எடுத்து, இந்த ஆளுக்கு இதக் காட்டினா அமுத்துவாரா, அமுத்தினா இருந்து பாப்பாரான்னு பாக்குது. பேய் கேக்க வந்தவங்கள்ட்ட முயலக் காட்டினா எப்படி அமுத்துவாங்க?"

"அப்ப முயலை அழிச்சிருவோமா?"

"அதத் தூக்கி வேற சேனல் ஒண்ணுல வைப்போம். அது வேற ஆளுங்களுக்கு. ஆனா பழைய பேய்க் கதை ஒண்ணையும் அழிக்காதீங்க. இன்னைக்கும் புதுசா ஆள் கூட்டிட்டு வர்றது அதுங்கதான்."

"என்னால இனிப் பேய்க் கதை சொல்ல ஏலாது," என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்தது. அப்போதுதான் மூச்சைப் பற்றியும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் முகமும் மாறியது. "எனக்கும் கேக்குது அண்ணி," என்றாள். 

அவள் செய்தது இவ்வளவுதான். குரலைத் தூக்கிக் காட்டும் வசதியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். மூச்சு ஊசி முனையளவு சிறுத்துப் போனது. "நீங்க பேசாத நேரம் இது சின்னச் சத்தத்தையெல்லாம் பெருசாக்குது. சத்தம் இருக்கு. எங்கயிருந்துன்னு பாப்போம்." மறுநாள் லீவு போட்டு, நான் பதிவு செய்யும் அதே மத்தியான நேரத்தில் என்னோடு அறையில் உட்கார்ந்தாள். இருவரும் பேசாமல் இருந்தோம்.  வந்தது. ஸ்ஸ்ஸ் என்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. அவள் கதிரையைச் சுவரோரம் இழுத்துப்போட்டு ஏறி, கூரைப் பலகையில் காதை வைத்தாள். எங்கள் தலைக்கு நேர்மேலே வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி. மத்தியானம்தான் குழாயில் தண்ணீர் வரும். தொட்டி நிறையும் தறுவாயில் மிதவை வால்வு பாதி மூடி, பாதி திறந்து மூச்சு விடுகிறது.

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

"அண்ணி," என்றாள் அவள் கதிரையிலிருந்து இறங்காமலே, "இதுதான் அடுத்த வீடியோ."

அன்றே என் கொமெண்டுகளை வரிவரியாகப் படித்தோம். பாதிப் பேர் சமைக்கும்போதும் தைக்கும்போதும் கேட்கிறார்கள். குரலுக்காக வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வேறு என்ன பார்க்கிறார்கள் என்ற பகுதியில், துப்புத் துலக்கும் கதைகளும் பழைய வீடுகளின் சரித்திரமும் இருந்தன. பேய் வந்து அலறும் இடத்தில் கோடு சரிந்தது. அந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று நான் சொல்லும் இடத்தில்தான் நேராக நின்றது.

"இவங்களுக்கு வேண்டியது பேய் இல்ல, மர்மம்," என்றாள். "அவங்களக் கூட்டிக்கிட்டு ஓர் அடி மட்டும் தள்ளிப் போவோம். ஒரேயடியாப் பாஞ்சா விட்டுட்டுப் போயிருவாங்க."

எனவே சேனலின் பெயரை மாற்றவில்லை. முகப்புப் படத்தில் அதே கறுப்பு, அதே எழுத்து. என் வழக்கமான வணக்கமும் அப்படியே. இனிமேல் மாறுகிறோம் என்று தனியாக அறிவிப்பு போடவும் அவள் விடவில்லை. "சொன்னா பயந்துருவாங்க. கதைக்குள்ளயே காட்டுங்க." கதை ஆரம்பத்தில் என் பயம் முழுவதும் இருந்தது. முடிவில் தொட்டி இருந்தது.

போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தபோது எண்ணிக்கை வழக்கத்தை விடக் குறைவு. "பேய் எங்கே?", "ஏமாற்று", "இனி வரமாட்டேன்" என்று மூன்று நான்கு பேர். சந்தாதாரர் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனது. 

"மிச்சமிருக்கிற பேய்க் கதையைப் போட்டுருவோம். ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது," என்று கெஞ்சினேன்.

"மாத்தி மாத்திப் போட்டா, யாருக்காகச் செய்றோம்னு பாக்கிறவங்களுக்கே தெரியாது. போனவங்கள விடுங்க. இருந்தவங்க கடைசி வரைக்கும் இருந்திருக்காங்க, கோட்டப் பாருங்க."

பார்த்தேன். உண்மைதான். ஆனால் கோட்டைப் பார்த்துத் தைரியம் கொள்ள என்னால் முடியவில்லை. அடுத்த சில வாரங்கள் காலையில் கண்விழித்ததும் போனைத் தேடி, திறக்கப் பயந்து, மறுபடி தலையணைக்கடியில் தள்ளினேன்.

தொட்டி வீடியோவின் கீழ் ஒருவர் எழுதியிருந்தார்: கலகெதரப் பக்கம் ஒரு ரப்பர் காணியில், விடியுமுன் ஒரு வெளிச்சம் மரங்களுக்கிடையே அலைகிறது, ஒரு பெண் பாடும் குரலும் கேட்கிறது, முடிந்தால் போய்ப் பாருங்கள். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினோம். வெயில் நன்றாக ஏறிய நேரம்தான். இருந்தும் அந்தக் காணிக்குள் நாத்தனாருக்குப் பின்னாலேயே நுழைந்தேன். வரிசை வரிசையாக மரங்கள், உச்சிகள் கூடி வெளிச்சத்தை மறைத்தன. காய்ந்த இலை மிதிபட்டதற்கே நாத்தனாரின் கையைப் பிடித்தேன்.

காணியின் கோடியில் ஒரு சின்ன வீடு. வாசலில் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா எங்களைக் கண்டு பயந்து எழுந்தார்.

"யாருங்க? என்ன வேணும்?"

விஷயத்தைச் சொன்னோம். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"வெளிச்சமா? அது நான்தாங்க. தலையில லைட்டைக் கட்டிக்கிட்டுத்தான் ரப்பர் பால் வெட்டப் போறேன். விடியுமுன்ன வெட்டினாத்தான் நல்லா வடியும்."

"பாட்டு?" என்றேன்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "இந்தக் காணியில ஒரு பொம்பளப் பேய் பாடிக்கிட்டுத் திரியுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. தனியாப் போறேனே, பயமா இருக்காதா? அதான் நானும் சத்தமாப் பாடிக்கிட்டே போறேன்."

நாத்தனார் கமெராவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். நான் அந்த அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.  முகத்தைக் காட்ட வேண்டாம், ஊரையும் சரியாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கைகளையும் வாளிகளையும் மட்டும் எடுத்தோம். குரலைப் பதிவு செய்துகொள்ளச் சம்மதித்தார்.

அந்த வீடியோவும் முதல் சில நாட்கள் மெதுவாகத்தான் போனது. பிறகு எங்களை ஒருபோதும் பார்த்திராதவர்களின் திரைகளுக்குப் போக ஆரம்பித்தது. துப்புத் துலக்கும் கதை பார்க்கிறவர்களுக்கு யூடியூப் அதைக் காட்டுகிறது என்று நாத்தனார் புள்ளிவிவரத் திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். பழைய பேய்க் கதைகளின் முடிவில் அந்த வீடியோவுக்கு இணைப்பு வைத்தோம். அங்கிருந்தும் வந்தார்கள். இன்னும் சிலவற்றைப் போட்டபிறகுதான் சேனலின் விளக்கத்தையும் மேலே இருக்கும் பட்டைப் படத்தையும் மாற்றினோம். பேய்க் கதைகள் தனி வரிசையாக இருக்கின்றன. போன ஆட்களில் பலர் திரும்பி வரவில்லை. பழைய கூட்டம் பழைய வேகத்தில் இல்லை. இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

என் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். குளியலறைக் கதவை மூட முடிகிறது. பதிவேற்றும் பொத்தானை அமுத்தியதும் மட்டும் போனை இன்னும் தலையணைக்கடியில் தள்ளிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு பழைய கிணற்றுக்குப் போனோம். கல் போட்டால் இரண்டு முறை சத்தம் கேட்கும் என்று சொல்லியிருந்தார்கள். போட்டோம். இரண்டு முறை கேட்டது, இரண்டாவது நெடுநேரம் கழித்து. கயிறு விட்டுப் பார்த்தோம், விளக்கு இறக்கிப் பார்த்தோம். காரணம் புரியவில்லை. எனக்குப் பழைய பயம் மறுபடி வந்தது.

"அண்ணி, பேய்னு போட்டா நல்லா ஓடும்," என்றாள் நாத்தனார், என் முகத்தைப் பார்த்தபடி.

"தெரியலன்னு போடுவோம்," என்றேன்.

அப்படியே போட்டோம். நிலத்தடிக் குகை என்கிறார் ஒருவர், எதிரொலி என்கிறார் இன்னொருவர். வீடியோவின் கீழே இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.