மூடித் துளைக்கு எதிர்ப்பக்கம்

திருமழிசை எஸ்டேட்டில் பேப்பர் கப் போடும் கம்பெனியில் வரலட்சுமி பதினோரு வருஷமாகச் செக்கிங். படிப்பு எட்டாவது. கப்பின் சுருட்டிய விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினாலே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவாள். கப் மிஷினை ஓட்டுவது அவள் தம்பி தமிழரசு. அவனைப் போல ஓட்ட ஆவடி வரைக்கும் ஆள் கிடையாது என்பது அவள் எண்ணம்.

அம்பத்தூரில் புதிதாகத் திறந்த காபிக் கடையிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. மூடி போட்டுக் குடித்தால் ஒழுகுகிறதாம். முதலாளி பரந்தாமன், "திங்கக்கிழமையிலேர்ந்து உன் தம்பி பேக்கிங்குக்குப் போவட்டும்" என்றார்.

வரலட்சுமி ஐம்பது கப்பில் வெந்நீர் ஊற்றி வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறிக் கடைக்கே போனாள்.

கடையின் டிசைனர் ரோஹித் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான். லோகோவில் இருந்த மயிலை வரைய மூன்று மாதம் ஆனதாம். கோழிக்குச் சளி பிடித்தது போலிருந்த அதற்கு மூன்று மாதம்!

"ஒழுகுறது உங்க கப்புதான்க்கா. எங்க ப்ராசஸ் கிளீன்."

"இன்னா ப்ராசஸ்? செஞ்சி காமி."

கடைப் பையன் ஒருவன் கப்பில் காபி பிடித்தான். மடித்துத் தட்டையாக இருந்த அட்டை உறையை இரண்டு மடிப்பிலும் அழுத்தி விரித்து, கப்பின் மயிலும் உறையின் மயிலும் ஒரே பக்கம் வரும்படி மாட்டினான். பிறகு, குடிக்கும் துளை மயிலுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும்படி மூடியை அழுத்தினான்.

"குடிக்கிறப்ப எதிர்ல இருக்கறவங்களுக்கு லோகோ தெரியணும். நான் போட்ட ரூல்" என்றான் ரோஹித்.

வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. கப்பாகச் சுருட்டும் தாளில் மயில் நட்டநடுவில். அப்படியானால் தாளின் இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும் தையல் அதற்கு நேர் பின்னால். அங்கே தாள் இரட்டைக் கனம். விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு மேடு இருக்கும். மூடி அந்த இடத்தில் மட்டும் கவ்வாது. இந்த மேதை துளையைக் கொண்டுபோய் அதன் தலையிலேயே வைத்திருக்கிறான்.

"நீயே குடி, தம்பி."

குடித்தான். துளைக்குக் கீழே கசிந்த காபி தாடை வழியாக இறங்கி வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

அவள் மூடியைக் கழற்றிக் கால்வட்டம் திருப்பிப் போட்டாள். "இப்ப குடி."

ஒழுகவில்லை.

"ஆனா... லோகோ சைடுல போயிடுமே?"

"படிச்சிக்கினு வந்து இத்தத்தான் கத்துக்கினியா? மூணு மாசம் பறவ வரஞ்சே, கப்பைத் திருப்பி ஒருவாட்டி பின்னாடி பாத்தியா நீ?"

கல்லாவில் இருந்த ஓனர் வர்ஷா, "ரோஹித், போய்ச் சட்டைய கழுவு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பரந்தாமனுக்குப் போன் போட்டாள்.

திங்கட்கிழமை தமிழரசு மிஷினில்தான் நின்றான். "இன்னாக்கா சொன்னான் அந்த டிசைனரு?" என்று கேட்டான்.

"அவன் கிடக்கறான்" என்றபடி வரலட்சுமி அடுத்த கப்பின் விளிம்பைத் தடவினாள்.