கணக்கின் பழி ஆள்மேல்

திருவொற்றியூரில் இரும்புச் சாமான்களுக்குத் துத்தநாக முலாம் பூசும் பட்டறை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். உருகிய துத்தநாகம் நிற்கும் பெரிய தொட்டிதான் எங்கள் பிழைப்பு. வேலை வந்தாலும் வராவிட்டாலும் அதை ராப்பகலாகச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். இறுகிவிட்டால் மறுபடி உருக்கும்போது தொட்டியே பாழாகிவிடும்.

போன மழைக்காலத்தில் வேலை குறைந்தது. மாத வரவு நூறு லட்சத்திலிருந்து தொண்ணூறானது. லாபம் பத்திலிருந்து நாலானது. தாளைப் பார்த்ததும் முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"வியாபாரம் பத்து சதவீதம் குறைஞ்சா லாபமும் பத்துதானே குறையணும்? அறுபது எப்படிம்மா போகும்? எவனோ கை வைக்கிறான்."

அந்த எவனோ, துத்தநாகக் கிடங்கின் சாவியை வைத்திருந்த சூப்பர்வைசர். எண்ணூர் மீனவக் குப்பத்துக்காரர், பதினோரு வருஷமாக இங்கே இருப்பவர்.

நான் உட்கார்ந்து விளக்கினேன். நூறு லட்சம் வந்தபோது துத்தநாகம், அமிலம், லாரி என்று வேலையோடு ஏறி இறங்கும் செலவு நாற்பது. வாடகை, சம்பளம், தொட்டிச் சூடு என்று அசையாத செலவு ஐம்பது. மிச்சம் பத்து. தொண்ணூறு வந்தபோது முதல் செலவு முப்பத்தாறாக இறங்கியது, ஐம்பது ஐம்பதாகவே நின்றது. மிச்சம் நாலு. கணக்கு அவ்வளவுதான் சார், ஒரு டன் இரும்புக்கு ஆகிற துத்தநாகம் ஒரு கிலோகூடக் கூடவில்லை என்று கிடங்குப் பதிவேட்டையும் விரித்து வைத்தேன்.

முதலாளி அதைத் தொடக்கூட இல்லை. "பேப்பர்ல எதை வேணா எழுதலாம்" என்றார். அந்தப் பேப்பரை எழுதுவதற்குத்தானே எனக்குச் சம்பளம்?

மறு வாரம் சூப்பர்வைசரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதே சம்பளத்தில் புது ஆள் வந்தார்.

கோடையில் வேலை குவிந்தது. வரவு நூற்றுப் பத்து. மாறும் செலவு நாற்பத்து நாலு, அசையாதது அதே ஐம்பது, லாபம் பதினாறு. முதலாளி எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தார். "பாத்தியாம்மா, அவன் போனதும் லாபம் நாலு மடங்காயிடுச்சு!" ஏறியதும் அதே கணக்கால்தான் என்று மறுபடி ஆரம்பித்தேன். "ஸ்வீட் எடுத்துக்கோம்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் பழைய சூப்பர்வைசரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். மாதவரத்தில் ஒரு லாரி ஷெட்டில் வேலை கேட்டுப் போனாராம், எங்கள் பட்டறையில் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"இன்னாக்கா, நான் போனப்புறம் லாபம் ஜாஸ்தியாச்சாமே? எங்க வூட்லயே கேக்குறா, நெசமாவே நீ எடுத்தியான்னு. நீ கணக்கு பாக்குறவ, நீ வந்து ஒரு வார்த்த சொல்லுக்கா."

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். நூறு, தொண்ணூறு, நூற்றுப் பத்து என்று அவர் மனைவிக்கு எழுதிக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அதெல்லாம் சரிக்கா. இவரு இருந்தப்போ நாலு, போனப்புறம் பதினாறு. அதானே?"